முப்பது நாளுக்குள் ஓர் இறப்புச் சான்று

கனடாவின் குடியேற்ற அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்து பதினோரு நாள் கழித்துத்தான் வந்த விஷயமே எங்களுக்குத் தெரிந்தது. தபாலில் வந்திருந்தால் தபால்காரர் மேடேறி வந்து கையில் கொடுத்திருப்பார். இது மின்னஞ்சலில் வந்தது. விண்ணப்பம் போட்டபோது எங்கள் மலையில் செம்மேட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளையின் பேரில் ஒரு மின்னஞ்சல் முகவரி ஏற்படுத்திக் கொடுத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்கச் சொன்னார்கள். நான் மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். மிளகு பறிப்பு ஆரம்பித்த பிறகு அதுவும் விட்டுப்போயிற்று.

பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் மகளை. தங்கை மஞ்சள் காமாலையில் இறந்தபோது அவளுக்கு நாலு வயது. ஆறு மாதம் கழித்து, நான் காட்டு வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், அவளுடைய அப்பா அவளை என் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார். மலைக்குக் கீழே கட்டட வேலை இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். முதல் வருடத்தில் இரண்டு முறை போன் வந்தது. பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. கேரளாவில் ஒரு கல்குவாரியில் லாரி கவிழ்ந்து நம் மலை ஆள் ஒருவர் இறந்துவிட்டதாக ஒருமுறை யாரோ வந்து சொன்னார்கள். யார் என்று விசாரிக்க வழியில்லை. கொஞ்ச நாளில், அது அவர்தான் என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம்.

எனக்குக் குழந்தை இல்லை. கட்டியவரும் இல்லாமல் போய் வெகுநாள் ஆகியிருந்தது. பிள்ளை என்னோடு ஒட்டிக்கொண்டாள். அப்பா எங்கே என்று கேட்கும்போதெல்லாம், "போயிட்டாரு கண்ணு" என்பேன். நம் பேச்சில் அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். அவள் எதை எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் "எனக்கு அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்ல" என்று அவள் சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். திருத்தவில்லை. விட்டுவிட்டுப் போனார் என்பதைவிடச் செத்துப்போனார் என்பது ஒரு குழந்தைக்குத் தாங்கக்கூடியது என்று நினைத்தேன்.

என் தம்பி நாமக்கல்லில் சமையல் படிப்புப் படித்து, கப்பலில் வேலை பார்த்து, அப்படியே கனடாவுக்குப் போய் ஒரு ஹோட்டலில் சமையல்காரனாக இருக்கிறான். அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் வாங்கிவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயும் தகப்பனும் இல்லாத அக்கா மகளையோ தம்பி மகளையோ, பதினெட்டு வயது ஆவதற்குள், தன்னோடு அழைத்துக்கொள்ள அங்கே ஒரு வழி இருக்கிறது என்று அவன்தான் கண்டுபிடித்தான். அக்காவின் மகளை அழைத்துக்கொண்டு போய்ப் படிக்க வைக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரே பிடிவாதம். படிவத்தை அங்கிருந்தே நிரப்பினான். ஒவ்வொன்றாக என்னிடம் போனில் கேட்டுக்கொண்டே வந்தான்.

"அக்கா, அம்மா பேருக்குப் பக்கத்துல இறந்த தேதி கேக்கறான். சொல்லு."

சொன்னேன்.

"அப்பாவுக்கு என்னக்கா போடறது?"

நான் அடுப்பில் வெந்துகொண்டிருந்த கிழங்கைக் கிளறிக்கொண்டிருந்தேன். "அவருந்தான் போயிட்டாரே. இறந்துட்டாருன்னே போட்டுடு சாமி" என்றேன். தேதி தெரியாது என்றேன். அவன் குத்துமதிப்பாக ஒரு வருடத்தைப் போட்டான். தங்கையின் இறப்புச் சான்றை இணைத்தோம். அப்பாவுடையதை இணைக்க எங்களிடம் எதுவும் இல்லை. ஆயுசு முழுக்க ஒருவரையும் ஏமாற்றியவள் இல்லை நான். அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

தம்பியைப் பொறுப்பாளனாக ஏற்றுக்கொண்டதாக முதலில் தகவல் வந்தது. அதற்குப் பிறகு பல மாதம் சத்தமே இல்லை. ஒருநாள் காலையில் தம்பி கூப்பிட்டு, "அக்கா, பிள்ளையோட மெயிலைப் பாத்தியா? இங்க கணக்கைத் தொறந்தா புதுசா ஏதோ அனுப்பியிருக்கறதா காட்டுது. ஓடிப்போய்ப் பாரு" என்றான்.

சென்டரை நடத்தும் பெண் அன்றைக்கு இல்லை. உறவில் கல்யாணம் என்று சேந்தமங்கலம் போயிருந்தாள். அவளுக்குப் பதில் உட்கார்ந்திருந்த அவளுடைய மாமியாருக்கு அச்சடித்துக் கொடுக்க மட்டும்தான் தெரியும். இரண்டு பக்கம் அச்சாகி வந்தது. அதைச் சுருட்டாமல், மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தம்பிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அவனுக்கு அன்று இரட்டை வேலை. பார்க்க நேரமாகும் என்று தெரியும். அதுவரை பொறுக்க முடியாமல் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். ஃபாதர் என்பது தெரிந்தது. டாக்குமெண்ட் தெரிந்தது. தர்ட்டி டேஸ் தெரிந்தது. நடுவில் 'டிசீஸ்டு' என்று ஒரு வார்த்தை. டிசீஸ் என்றால் நோய். அது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கிறது. ஆக, அப்பாவுக்கு என்ன நோய் இருந்தது என்று ஆதாரம் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். பிள்ளைக்கும் அந்த நோய் இருக்குமோ என்று பார்ப்பார்கள் போல.

மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் நின்று, இரத்தம் எடுத்து, இந்தப் பிள்ளைக்கு ஒரு நோயும் இல்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன். ரிசல்ட்டுக்கு மறுநாள் வரச் சொன்னார்கள். பிள்ளை கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே, "எதுக்கு பெரியம்மா ஊசி?" என்று கேட்டாள். "கனடாக்காரங்க கேக்கறாங்க கண்ணு" என்றேன். அவளுக்குச் சந்தோஷம். ஏதோ ஒரு படி மேலே ஏறிவிட்டோம் என்று நினைத்தாள். வழியெல்லாம் அங்கே பனி எவ்வளவு உயரம் கொட்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

அதற்கும் அடுத்த நாள் சென்டர் பெண் திரும்பி வந்துவிட்டாள். இரத்தப் பரிசோதனைத் தாளையும் கடிதத்தையும் அவள் முன்னால் வைத்தேன். பிள்ளை வெளியே நின்று பஸ்ஸில் ஏற்றும் அன்னாசிப் பழங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கடிதத்தை மெதுவாக ஒருமுறை படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, இது எதுக்குங்க இரத்தப் பரிசோதனை?"

"நோய் இல்லைன்னு காட்டத்தான். டிசீஸ்னு போட்டிருக்கே."

"இல்லீங்கக்கா. அது வேற வார்த்தை. டிசீஸ்டுன்னா இறந்து போனவருங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பிள்ளையோட அப்பா இறந்துட்டாருன்னு நீங்க எழுதியிருக்கீங்க, அதுக்கு ஆதாரம் ஒண்ணும் வைக்கலைங்கறாங்க. இறப்புச் சான்று அனுப்பச் சொல்றாங்க."

பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். மொத்தம் நாலு கேட்டிருந்தார்கள். அப்பாவின் இறப்புச் சான்று. தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்று. பிள்ளையை எப்போதிலிருந்து யார் வளர்க்கிறார்கள், அவள் போவதற்குச் சம்மதமா என்று வளர்ப்பவர் எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம். நாலாவது, அப்பா எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்று ஒரு விளக்கம்.

"முப்பது நாள் இருக்குதல்ல?" என்றேன்.

"கடிதத்துல போட்டிருக்கற தேதியிலிருந்து முப்பதுங்கக்கா. நாம தொறந்து பாத்த நாள்ல இருந்து இல்ல." சுவரில் இருந்த காலண்டரில் விரலை வைத்து எண்ணினாள். "பதிமூணு போயிருச்சு. இன்னும் பதினேழு. அதுக்குள்ள அனுப்பலைன்னா கையில இருக்கறதை வெச்சு முடிவு எடுத்துருவாங்களாம். மறுத்தாலும் மறுப்பாங்களாம்."

கடைசிப் பத்தியை அவள் இரண்டு முறை படித்தாள். கொடுக்கும் தகவல் எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. முக்கியமான ஒன்றை மறைத்தாலோ மாற்றிச் சொன்னாலோ ஐந்து வருடம் அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. அதையும் அவள் தமிழில் சொல்லி முடித்தாள். இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அன்று மாலை தம்பியும் கடிதத்தைப் படித்திருந்தான். "அக்கா, மாமாவுக்கு இறப்புச் சான்று இருக்குதல்ல? எங்கயாவது பதிவு பண்ணியிருப்பாங்கல்ல?" என்றான். அவனுக்கும் எனக்கும் அந்தக் கேள்விக்கான பதில் தெரியும். இத்தனை வருடத்தில் இரண்டு பேருமே அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"உடம்பையே நாம பாக்கலையே சாமி" என்றேன்.

நாமக்கல்லில் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொன்னான். கொண்டை ஊசி வளைவு எழுபதையும் இறங்கி, சேந்தமங்கலத்தில் பஸ் மாறிப் போனேன். வக்கீல் வயதில் சின்னவர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு முழுக்கக் கேட்டார்.

"ஏம்மா, செத்துப் பதியாம விட்டிருந்தா ஒரு வழி இருக்குதுங்க. தாலுகா ஆபீஸ்ல பதிவு இல்லைன்னு சான்று வாங்கி, ஆர்.டி.ஓ.கிட்ட மனு போட்டு, விசாரிச்சு, தாமதமா பதிய உத்தரவு வாங்கலாம். ஆனா அதுக்கு அவர் எந்த எடத்துல, எந்த நாள்ல செத்தாருன்னு தெரியணும். பாத்த சாட்சி வேணும். உங்ககிட்ட அது இல்லை."

"காணாமப் போய் ஒம்பது வருசம் ஆகுதுங்களே?"

"ஏழு வருசத்துக்கு மேல, சேதி தெரிஞ்சிருக்க வேண்டியவங்களுக்குக்கூட ஒரு சேதியும் வரலைன்னா, இறந்ததா கருதலாம்னு சட்டம் இருக்குதுங்க. அதுக்குக் கோர்ட்ல வழக்குப் போட்டு அறிவிப்பு வாங்கணும். போலீஸ்ல காணலைன்னு புகார் கொடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. பெண்டாட்டி செத்து, பிள்ளையை விட்டுவிட்டுப் போன ஆளைத் தேடச் சொல்லிப் புகார் கொடுக்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. கோபம்தான் இருந்தது.

"பேப்பர்ல விளம்பரம் போடணும், அவங்க ஊட்டு ஆளுங்களைச் சேர்க்கணும். பதினஞ்சு நாள்ல ஆகற காரியம் இல்லீங்க. வருசக்கணக்கு ஆகும். கனடாவுல அவகாசம் கேட்டு எழுதுங்க. குடுத்தாலும் குடுப்பாங்க, குடுக்காமலும் போவாங்க." பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "அவங்க ஊட்டு ஆளுங்களுக்கும் ஒரு சேதியும் இல்லைங்களா? நிச்சயமா?"

அந்தக் கேள்விதான் என்னை, எங்கள் மலையிலேயே இன்னொரு பக்கம் இருக்கும் திருப்புலி நாட்டுக்குப் போக வைத்தது. தங்கையின் கணவருடைய அண்ணன் அங்கே சாமையும் மரவள்ளியும் போட்டுக்கொண்டு இருக்கிறார். தங்கை போனதற்குப் பிறகு நல்லது கெட்டதில் பார்த்தால் பேசுவதோடு சரி. அவர் பொங்கலுக்குப் பிள்ளைக்குத் துணி எடுத்து அனுப்புவார். அவர் வீட்டுக்கு நான் போகிறவள் இல்லை.

அவர் களத்தில் கிழங்கு சீவிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா அம்மிணி" என்று கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார். நான் கடிதத்தை எடுத்து விவரம் சொன்னேன். கோர்ட்டுக்கு அவரும் வந்து, தன் தம்பியைப் பற்றி ஒன்பது வருடமாக ஒரு சேதியும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும் என்றேன்.

கையில் ஒட்டியிருந்த கிழங்குப் பாலைத் துண்டில் துடைத்தார். துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, சொல்லுங்க" என்றேன்.

"என்னத்தைச் சொல்றது அம்மிணி. கோர்ட்டுல வந்து அப்படிச் சொல்ல முடியாது." தலையைத் தூக்கவில்லை. "அவன் குடகுல இருக்கறான். காப்பித் தோட்டத்துல. அங்கயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டான். ரெண்டு பசங்க. நாலு வருசமாச்சு எனக்கு போன் பண்ண ஆரம்பிச்சு. பிள்ளைக்குத் துணி எடுக்கச் சொல்லி அனுப்பறதெல்லாம் அவன்தான்."

ஒவ்வொரு பொங்கலுக்கும் பிள்ளை அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு நிற்கும் விதம் எனக்குக் கண்ணில் வந்தது. பெரியப்பா எடுத்துக்கொடுத்தது என்று எல்லோரிடமும் காட்டுவாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்லீங்களா?"

"உன் மூஞ்சியில முழிக்க அவனுக்கு மூஞ்சி இல்லை. பிள்ளை மறந்துட்டா, நிம்மதியா இருக்கட்டும்னான். நானும் விட்டுட்டேன்."

போன் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், கை வாங்கிக்கொண்டது. அந்தப் பக்கம் ஒரு இருமல், பிறகு அந்தக் குரல். ஒன்பது வருடத்தில் கொஞ்சம்கூட மாறாத குரல். கத்தித் தீர்க்கலாம் என்று வந்த ஆத்திரம் அந்தக் குரலைக் கேட்டதும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தங்கையை முதன்முதலில் பெண் பார்க்க வந்த அன்று பேசிய மாதிரியே பணிவாகப் பேசினார். நான் கடிதத்தில் இருந்ததை மட்டும் சொன்னேன்.

"நான் செத்துட்டதாவே எழுதிக்குங்க" என்றார். "அந்தப் பிள்ளைக்கு நான் செத்தவன்தானுங்களே. என்ன கையெழுத்து வேணுமோ, எங்க வேணுமோ சொல்லுங்க. வந்து போட்டுத் தந்துடறேன்."

செத்ததற்குச் செத்தவரே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார். அதில் இருக்கும் அபத்தம் அவருக்கும் புரியவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் புரியவில்லை. பிள்ளைக்கு அவர் செய்ய முன்வந்த ஒரே காரியம் அதுவாக இருந்ததால் நான் அழுதேன். அவருடைய அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தார்.

"எங்கயாச்சும் ஆள் புடிச்சு ஒரு சான்று வாங்கிக்கலாம் அம்மிணி. கடல் தாண்டி வந்து எவன் பாக்கப் போறான்" என்றார். அவருக்கும் பிள்ளை போனால் போதும் என்றிருந்தது.

பொய் சொல்லக் கூடாது என்று உடனே முடிவெடுத்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அதுவும் பொய். இரண்டு நாள் அந்த யோசனையோடுதான் இருந்தேன். மிளகுக் கொடியில் ஏணி சாய்த்து ஏறி நின்றுகொண்டு, இறந்த இடம் என்ன போடலாம், தேதி என்ன போடலாம் என்றுகூட நினைத்தேன். உயிரோடு இருக்கும் ஒரு மனிதனுக்குச் சாவு நாள் குறித்துக்கொண்டிருக்கிறோம் என்று திடீரென்று உறைத்தது. ஏணியிலிருந்து இறங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பியிடம் சொன்னேன்.

"இருக்கறாராக்கா?" என்றான். அவ்வளவுதான்.

அவன் அங்கே இந்த வேலைக்கென்று உரிமம் பெற்ற ஒரு ஆலோசகரைப் போய்ப் பார்த்தான். மறுநாள் எனக்கு விளக்கினான். அவன் போட்ட வழி, தாய் தகப்பன் இருவரும் இறந்துவிட்ட பிள்ளைகளுக்கு மட்டுமானது. அப்பா உயிரோடு இருந்தால் ஆகாது. எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டாலும் ஆகாது. விட்டுவிட்டுப் போயிருந்தாலும் ஆகாது.

"அப்ப, அவர் குடகுல இருக்கறது தெரியாமலே இருந்திருந்தாலும்?"

"ஆகாதுக்கா. காணாமப் போனவர் கணக்குல வந்தாலும் ஆகாது. மொதல்லயே ஆகாததைத்தான் நாம போட்டிருக்கோம். நான் அந்த விதியைச் சரியாப் படிக்கலை."

"தத்து எடுத்துக்கிட்டா?"

அதையும் நாமக்கல் வக்கீலிடம் போனில் கேட்டிருந்தான். கல்யாணம் ஆகாத ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க நம் நாட்டு விதி இடம் தராது. வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் பிள்ளைக்கென்று ஒரு அறையை வெள்ளையடித்து வைத்திருந்தான். அதைப் போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தான்.

இருபத்தேழாவது நாள் சென்டரில் உட்கார்ந்து பதில் எழுதினோம். தம்பி போனில் சொல்லச் சொல்ல அந்தப் பெண் தட்டச்சு செய்தாள். படிவத்தில் அப்பா இறந்துவிட்டார் என்று நாங்கள் எழுதியது ஊரில் வந்த ஒரு சேதியை நம்பி, உங்கள் கடிதம் வந்த பிறகு விசாரித்ததில் அவர் உயிரோடு இருப்பது தெரியவந்தது, தவறைத் திருத்துகிறோம், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். இவ்வளவுதான். நாலு ஆதாரம் கேட்டவர்களுக்கு நாங்கள் அனுப்பியது அரைப் பக்கம். அவள் அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

பிள்ளையிடம் சொல்வதுதான் பாக்கி. அதற்கு எந்தக் கடிதத்திலும் நாள் கணக்கு இல்லை. ஆனால் தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

"கண்ணு, அப்பா உசுரோட இருக்கறாரு."

அவள் திரும்பவில்லை. என் கையின் கீழே அவள் தலை அசையாமல் இருந்தது. "அதனாலதான் கனடா போக முடியாதா?" என்றாள்.

"ஆமாம் கண்ணு."

"செத்திருந்தா போயிருக்கலாமா?"

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பின்னாலிருந்து அணைத்துக்கொண்டேன். அவள் என்னை விலக்கவும் இல்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை. "நீங்க போயிட்டாருன்னுதான சொன்னீங்க" என்றாள். "செத்துட்டாருன்னு நீங்க சொல்லவே இல்லை. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்." என்னைக் காப்பாற்றுவதற்காக அதைச் சொன்னாளா, குற்றம் சாட்டினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து அவளே அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றாள். சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னோம். அவர் மலைக்கு ஏற மாட்டேன் என்றுவிட்டார். நாங்கள் இறங்கியபோது டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். புதுசு, மடிப்புக்கூட கலையவில்லை. முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. பிள்ளைக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. நான்தான் கையைக் காட்டினேன்.

மூன்று பேரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் ஒரு பையில் ஆரஞ்சுப் பழமும் காப்பித் தூளும் கொண்டுவந்திருந்தார். அதைக் கொடுத்துவிட்டு, எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டார். எட்டாவது என்றாள். நல்லாப் படிக்கணும் என்றார். பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. எனக்கு எழுந்து போய்விடலாம் போலவும் இருந்தது, அவளைத் தனியாக விட மனமில்லாமலும் இருந்தது.

பிள்ளை பழப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "என்னைய பெரியம்மா ஊட்டுல விட்டுட்டுப் போனப்ப நான் தூங்கிட்டு இருந்தனா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். அத்தனை வருடமும் நாங்கள் எல்லோரும் ஒரு பொய்யில்தான் இருந்தோம். இன்னொன்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்.

"இல்ல கண்ணு" என்றார். "முழிச்சுக்கிட்டுத்தான் இருந்த. நானும் வாரேன்னு பின்னாலயே ரோட்டு வரைக்கும் வந்த."

அவள் தலையாட்டினாள். மைசூர்ப் பக்கம் போக சேலத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டும் என்று அவர் கொஞ்ச நேரத்தில் எழுந்தார். அவள் தலையில் கை வைக்க நினைத்து, கையைத் தூக்கி, என்னைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். வையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மலையேறும் பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். பாதி வழியில், வளைவுகளில் தலை சுற்றி வாந்தி எடுத்தாள். வழக்கமாக அவளுக்கு அப்படி ஆவதில்லை. வாயைத் துடைத்துவிட்டேன். அதன்பிறகு என் மடியில் படுத்துக்கொண்டாள்.

விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாக உறுதி செய்து இரண்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்தமுறை அதைப் பிள்ளையே திறந்து படித்தாள். அகராதி எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து எனக்கு அர்த்தம் சொன்னாள். தடை ஏதும் போடவில்லை. பிறகு எப்போதாவது, படிப்பதற்கோ வேலைக்கோ, அவளாகவே கேட்டுப் பார்க்கலாம் என்று தம்பி சொன்னான். அவன் இப்போது முன்னைப் போல அடிக்கடி கூப்பிடுவதில்லை. பிள்ளைக்கென்று வெள்ளையடித்த அந்த அறையில் தன்னோடு வேலை செய்யும் ஒருவரைத் தங்க வைத்திருக்கிறான்.

பிள்ளை இப்போது பத்தாவது. ஆங்கிலத்தில்தான் அவளுக்கு மதிப்பெண் அதிகம். அவளுடைய அப்பா மாதத்துக்கு ஒருமுறை போன் செய்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. ஆனால் அவரும் உடனே வைக்க மாட்டார், அவளும் வைக்க மாட்டாள். குடகில் மழை பெய்கிற சத்தம் சில நாள் எனக்கே கேட்கும்.